"உங்கள் பொறுமைக்கு நன்றி": 2022 வரிசைகள் கற்றுத்தந்த ஓர் அறிவித்தல் பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 10 பிள்ளைகளுக்கு நாங்கள் அறிவித்தல் எழுதப் பழக்குகிறோம். தலைப்பு, திகதி, யாருக்கு, எதைப் பற்றி, கீழே பதவி. பிள்ளைகள் அழகாக எழுதிவிடுவார்கள். கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும்: "ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகின்றோம். தங்கள் பொறுமைக்கு நன்றி."

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வீதி திருத்த வேலை நடக்கும் இடத்திலும், கவுண்டர் மூடிய வங்கியிலும், தண்ணீர் வெட்டு அறிவித்தலிலும் அவர்கள் பார்ப்பது இந்த இரண்டு வரிகளைத்தான். அவற்றை வாசித்துவிட்டு யாராவது மனம் ஆறியதாக நாம் கண்டதில்லை. சில நேரம் வாசித்த பிறகுதான் கோபமே வருகிறது.

காத்திருப்பவருக்கு உண்மையாகப் படும் அறிவித்தல் எப்படி இருக்கும்? இதற்கு நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2022இன் எரிபொருள் வரிசைகள். அந்த மூன்று மாதங்களில் அரசாங்கம் மக்களிடம் "வரிசையில் நிற்காதீர்கள்" என்று எப்படியெல்லாம் சொன்னது, எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதைத் திகதி வாரியாகப் பார்த்தால், அந்தக் கடைசி வரிக்கு என்ன தேவை என்பது விளங்கும்.

முதலில் பின்னணி. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. கையில் டொலர் இல்லை. டொலர் இல்லையென்றால் எரிபொருள் கப்பலுக்கு நாணயக் கடிதம் திறக்க முடியாது. ஆனால் வரிசைகள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. மார்ச் மாதத்திலேயே வரிசையில் காத்திருந்த, எழுபது வயதை எட்டிய முதியவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். பெற்றோல் செட்டுகளுக்கு இராணுவத்தை அனுப்பும் நிலை வந்தது.

அப்போது மலையகத்தில் நமக்குக் கிடைத்த அறிவித்தல் என்ன? ஒரு காட்போட் மட்டை. அதில் சிங்களத்தில் "தெல் நெத". சில இடங்களில் அதன் கீழே தமிழில் "பெற்றோல் இல்லை". அவ்வளவுதான். எப்போது தீர்ந்தது, எப்போது வரும், நிற்பதா போவதா என்று ஒன்றும் இல்லை. மட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் வாசித்தவருக்கு அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை. அதனால் என்ன செய்தோம்? "இல்லை" என்று எழுதிய மட்டைக்கு முன்னாலேயே வரிசையில் நின்றோம்.

காத்திருப்பது சும்மா இல்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வந்தது 2021இல். மண்ணெண்ணெய் வரிசைக்காக ஒரு நாள் மலைக்குப் போகவில்லையென்றால் அந்த ஆயிரம் ரூபா போய்விடும். ஓட்டோ ஓட்டுபவருக்கு அன்றைய உழைப்பு முழுவதும் போய்விடும். "பொறுமைக்கு நன்றி" என்று எழுதுபவர் வாங்கிக்கொள்வது அந்தப் பணத்தை. அதை நினைத்துப் பார்க்காமல் எழுதிய நன்றி, வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போவது போலத்தான் கேட்கும்.

இனி மே மாதத்திற்கு வருவோம்.

மே 12ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க பிரதமராகப் பதவியேற்றார். 16ஆம் திகதி நாட்டு மக்களுக்கு உரையாற்றியபோது, ஒரு நாளைக்குப் போதுமான பெற்றோல்தான் கையிருப்பில் இருக்கிறது என்று சொன்னார். அடுத்த ஓரிரு மாதங்கள் மிகக் கடினமாக இருக்கும் என்றும் சொன்னார். அரசியலில் அவரைப் பற்றி நமக்குள் பல கருத்துகள் இருக்கலாம். இங்கே நாம் பார்ப்பது அந்த அறிவித்தலை மட்டும்.

இரண்டு நாள் கழித்து, மே 18ஆம் திகதி, வலுசக்தி அமைச்சராக இருந்த கஞ்சன விஜேசேகர பாராளுமன்றத்தில் இன்னும் விளக்கமாகப் பேசினார். பெற்றோல் ஏற்றிய கப்பல் ஒன்று மார்ச் 28 முதல் நம் கடற்பரப்பிலேயே நங்கூரமிட்டு நிற்கிறது. அதற்குக் கொடுக்க டொலர் இல்லை. அதே கம்பனிக்கு முன்பு வாங்கிய எரிபொருளுக்காக 53 மில்லியன் டொலர் பாக்கியும் இருக்கிறது. ஆகவே அடுத்த இரண்டு நாட்களுக்குப் பெற்றோலுக்காக வரிசையில் நிற்க வேண்டாம். டீசல் இருக்கிறது.

இந்தப் பேச்சை அந்தக் காட்போட் மட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் இருக்கிறது. அதுவும் சொல்லவே வெட்கப்படும் காரணம்: கடலில் கப்பல் நிற்கிறது, காசில்லை, பழைய பாக்கியும் இருக்கிறது. எத்தனை நாள் என்று இருக்கிறது. எது இல்லை, எது இருக்கிறது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. என்ன செய்யவேண்டும் என்றும் இருக்கிறது. நம்பத்தக்க அறிவித்தலுக்கு ஓர் அடையாளம் இதுதான். அதைச் சொல்வதால் சொல்பவரின் மரியாதை கொஞ்சம் குறையவேண்டும். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதினால் யாருக்கும் மரியாதை குறைவதில்லை. அதனால்தான் யாரும் அதை நம்புவதுமில்லை.

ஆனாலும் வரிசைகள் கலையவில்லை. பல வாரங்களுக்கு அவை அப்படியேதான் இருந்தன. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறோம்.

அடுத்தது ஜூன் 25. இது ஒரு மன்னிப்பு அறிவித்தல். அமைச்சர் தன் ட்விட்டர் பக்கத்தில் எழுதினார். அந்த வாரமும் அடுத்த வாரமும் வரவேண்டிய பெற்றோல், டீசல், மசகெண்ணெய்க் கப்பல்கள் வங்கி மற்றும் போக்குவரத்துக் காரணங்களால் குறித்த நேரத்தில் வரமாட்டா என்று எரிபொருள் வழங்குபவர்கள் அறிவித்துவிட்டார்கள். எப்போது வரும் என்று இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருப்பதை முதலில் பொதுப் போக்குவரத்துக்கும் மின் உற்பத்திக்கும் கைத்தொழில்களுக்கும் கொடுப்போம். வரிசையில் நிற்க வேண்டாம். தாமதத்திற்கும் சிரமத்திற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். சாரம் இதுதான்.

மே மாத அறிவித்தலுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. மே மாதத்தில் ஒரு கால எல்லை இருந்தது. ஜூனில் "எப்போது என்று சொல்ல முடியாது" என்று இருந்தது. கேட்கும்போது ஜூன் அறிவித்தல் கசக்கும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே மேல். சொன்ன திகதி ஒரு தடவை பொய்த்துவிட்டால், அடுத்த தடவை சொல்லும் உண்மையான திகதியையும் எவரும் நம்பமாட்டார்கள்.

இதில் நம் பகுதிக்கென்று ஒரு குறையும் இருந்தது. அமைச்சர் எழுதியது ஆங்கிலத்தில். லயத்துக்கு அது வந்து சேர்ந்தது வாட்ஸ்அப்பில், யாரோ தமிழில் எழுதிய நாலு வரியாக. பல நேரம் திகதி இருக்காது. நேற்றைய செய்தியா, போன கிழமைச் செய்தியா என்று தெரியாது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனாலும் அவசர நேரத்தில் தமிழ் எப்போதும் கடைசி லொறியில்தான் வருகிறது. மன்னிப்பை அதற்குரியவரின் மொழியில் கேட்கவில்லையென்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்ட மன்னிப்பாகத்தான் அது போய்ச்சேரும்.

இனி அந்தக் கேள்வி. இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும் ஏன் மக்கள் வரிசையை விட்டுப் போகவில்லை?

காரணம் எளிது. போனால் இடம் போய்விடும். "நிற்காதீர்கள்" என்று சொன்னவர், நிற்காமல் போனவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லவில்லை. பவுசர் வரும் நேரம் யார் செட்டுக்கு முன்னால் நிற்கிறாரோ அவருக்குத்தான் பெற்றோல். ஆகவே அறிவித்தலை நம்பி வீட்டுக்குப் போனவர் ஏமாந்தார், நம்பாமல் நின்றவர் அடித்துக்கொண்டு போனார். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை யார் போவார்?

காத்திருப்பதன் மனநிலை பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பலரால் எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் அவர் சொன்னவற்றில் மூன்று நமக்கு நேரடியாகப் பொருந்தும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பை விட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லாத காத்திருப்பு, காரணம் சொன்னதை விட நீளமாகத் தோன்றும். நியாயமில்லாத காத்திருப்பு, நியாயமானதை விட நீளமாகத் தோன்றும். மே மாத அறிவித்தலும் ஜூன் மாத அறிவித்தலும் காரணத்தைத் தந்தன. முதலாவது காலத்தையும் தந்தது. நியாயத்தை இரண்டுமே தரவில்லை.

நியாயம் படிப்படியாகத்தான் வந்தது. ஜூன் 27ஆம் திகதி வரிசையில் நின்றவர்களுக்கு இராணுவத்தினர் டோக்கன் கொடுக்கத் தொடங்கினார்கள். அன்றே, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றும் அறிவிக்கப்பட்டது. டோக்கன் ஒரு நல்ல ஆரம்பம். இடம் கையில் ஒரு துண்டாக இருக்கிறது. ஆனால் அதில் திகதி இல்லை. எண் தெரியும், நாள் தெரியாது. ஆகவே துண்டைப் பையில் வைத்துக்கொண்டே பலரும் வாகனத்துக்குள் படுத்திருந்தார்கள்.

ஜூலை 16ஆம் திகதி எரிபொருள் அனுமதி அட்டை, நாம் கியூஆர் என்று சொல்வது, அறிவிக்கப்பட்டது. ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம். கிழமைக்கு இவ்வளவு என்று ஓர் அளவு. முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை இலக்கத் தகட்டின் கடைசி எண்ணின்படி நாள் பிரித்தார்கள்: 0, 1, 2 என்றால் செவ்வாயும் சனியும், 3, 4, 5 என்றால் வியாழனும் ஞாயிறும், மற்றவர்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி. ஓகஸ்ட் 1 முதல் நாடு முழுவதும் கியூஆர் மட்டும். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர்.

நாலு லீற்றர் யாருக்குக் காணும்? ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் ஆசிரியருக்கு அது கிழமை முடியும் முன்பே தீர்ந்துவிடும். ஆனாலும் வரிசைகள் சுருங்கத் தொடங்கின. உங்கள் நாலு லீற்றரை வேறு யாரும் எடுக்க முடியாது என்பதுதான் அதற்குக் காரணம். "வரிசையில் நிற்காதீர்கள்" என்ற அதே வாக்கியம் மே மாதத்தில் வேண்டுகோளாக இருந்தது. ஓகஸ்டில் அது தகவலாகிவிட்டது. சொற்கள் மாறவில்லை, அவற்றுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு மாறியது.

எங்கள் பார்வையில் இதுதான் முக்கியமான பாடம். காத்திருப்பவர் அந்த அறிவித்தலை நம்பி வீட்டுக்குப் போனால் அவருக்கு நட்டம் வரக்கூடாது. அந்த உறுதி இருந்தால் சாதாரணச் சொற்களே போதும். அது இல்லையென்றால் எவ்வளவு இனிக்க எழுதினாலும் பாட்டுப் பாடியதுபோலத்தான்.

கியூஆர் எல்லோரையும் காப்பாற்றவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. அது வாகனம் வைத்திருப்பவருக்கான ஏற்பாடு. லயத்தில் அடுப்புக்கும் விளக்குக்கும் மண்ணெண்ணெய் தேடியவர்களுக்கு அது உதவவில்லை. அவர்களின் காத்திருப்பு வேறுவிதமாக முடிந்தது: 2022 ஓகஸ்ட் 22 அன்று 87 ரூபாவாக இருந்த லீற்றர் 340 ரூபாவானது. அவர்களின் பொறுமைக்கு யாரும் நன்றி சொல்லி நாம் கேட்கவில்லை.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். ஒரு சமையல் எரிவாயுக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை லொறி வரவில்லை. வழக்கமான அறிவித்தல் இப்படி இருக்கும்:

"எரிவாயு விநியோகத்தில் ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகின்றோம். தங்கள் பொறுமைக்கு நன்றி."

"ஏற்பட்ட" என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் இது தானாக நடந்ததைச் சொல்லும் வினை. மழை வந்தது போல, தாமதமும் யாரும் செய்யாமல் வந்து சேர்ந்துவிட்டது. "வருந்துகின்றோம்" என்பதும் அப்படித்தான். மரண வீட்டிலும் வருந்துகிறோம், அங்கே நம் குற்றம் ஒன்றுமில்லை. இன்னொரு சோதனை: கடையின் பெயரை மறைத்துவிட்டு இதே மட்டையை வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ தொங்கவிட்டால் பொருந்துமா? பொருந்தும் என்றால், அது உங்கள் முன்னால் நிற்பவருக்காக எழுதப்பட்டதல்ல.

அதே கடைக்கு நாங்கள் எழுதிப் பார்த்தது இது:

"செவ்வாய், காலை 8 மணி.
நேற்று வரவேண்டிய லொறி வரவில்லை. எந்த நாள் வரும் என்று எங்களுக்கு இன்னும் சொல்லவில்லை.
பெயர் எழுதியவர்கள் 64 பேர். ஒரு லொறியில் எங்களுக்கு 40 சிலிண்டர்தான் கிடைக்கும். முதல் 40 பேருக்கு முதல் லொறி. மற்ற 24 பேருக்கு அடுத்த லொறி. பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. நீங்கள் வீட்டுக்குப் போனாலும் உங்கள் இலக்கம் மாறாது. லொறி வந்ததும் தொலைபேசியில் சொல்வோம். அடுத்த நாள் மாலை வரை உங்கள் சிலிண்டரை எடுத்துவைப்போம்.
லொறி வந்தாலும் வராவிட்டாலும் புதன் மாலை 4 மணிக்கு இங்கே புது அறிவித்தல் போடுவோம்.
நேற்று லொறி வராது என்று எங்களுக்கு 11 மணிக்கே தெரியும். உங்களிடம் 2 மணிக்குத்தான் சொன்னோம். மூன்று மணித்தியாலம் மழையில் நின்றீர்கள். அது எங்கள் பிழை, மன்னிக்கவேண்டும்.
கைக்குழந்தையோடு வந்தவருக்கு முன்னால் நின்ற இருவர் இடம் விட்டுக்கொடுத்தீர்கள். நன்றி."

ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேலே நாளும் நேரமும் இருப்பதால் பழைய செய்தியா என்ற சந்தேகம் இல்லை. லொறி எப்போது வரும் என்று தெரியாது, ஆகவே சொல்லவில்லை. ஆனால் அடுத்த அறிவித்தல் எப்போது என்று சொல்லியிருக்கிறார்கள். அது கடைக்காரரின் கையில் இருக்கும் காரியம், அந்த வாக்கை அவரால் காப்பாற்ற முடியும். 64, 40, 24 என்ற எண்களைப் பார்த்ததும், 50ஆம் இலக்கக்காரர் முதல் லொறிக்காக நின்று பயனில்லை என்று தானே முடிவெடுப்பார். லொறி வராதது கடைக்காரரின் பிழையில்லை, அதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவுமில்லை. தெரிந்த செய்தியை மூன்று மணித்தியாலம் சொல்லாமல் வைத்திருந்தது அவர் பிழை, அதற்குத்தான் கேட்டார். செய்யாததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டால் செய்ததற்குக் கேட்பதும் மலிந்துபோகும்.

நன்றி கடைசியில் வருகிறது. அதுவும் "பொறுமை" என்ற பொதுச்சொல்லுக்கு இல்லை, நேற்று கண்ணால் கண்ட ஒரு செயலுக்கு. பொறுமை ஒருவர் தன் மனதிலிருந்து தருவது. அவர் தருவதற்கு முன்பே "தந்ததற்கு நன்றி" என்று எழுதி ஒட்டினால், அது கேட்காமலேயே சட்டைப்பைக்குள் கையை விட்டது போல ஆகிவிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. புதன் மாலை 4 மணிக்குப் புது மட்டை தொங்கவில்லையென்றால், அல்லது பட்டியலில் இல்லாத ஒருவருக்குப் பின்கதவால் ஒரு சிலிண்டர் போய்விட்டால், மேலே எழுதிய அத்தனையும் வீண். பழைய இரண்டு வரி மட்டையாவது அலுப்பைத்தான் தரும். விளக்கமாக எழுதிவிட்டு மீறினால் ஏமாற்றியதாகவே ஆகும்.

கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. வரிசைகளும் போய்விட்டன. அந்த இரண்டு வரிகள் மட்டும் இன்னும் எல்லாக் கவுண்டர்களிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. கடை நடத்துபவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், எங்களைப் போலப் பாடசாலையில் பெற்றோரைக் காக்கவைப்பவர்கள், அடுத்த தடவை அதை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். இதை வாசித்துவிட்டு இவர் வீட்டுக்குப் போனால், இவருடைய இடம் பத்திரமாக இருக்குமா?

2022இல் உங்கள் ஊர் செட்டிலோ கடையிலோ மனம் ஆறும்படி எழுதிய ஒரு மட்டையையாவது பார்த்திருந்தால், அதில் என்ன எழுதியிருந்தது என்று கீழே சொல்லுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட உதவும்.